வீரமணிக்கு இருபத்தாறு டிகிரியில் ஓர் இடம்

பண்டசோழநல்லூர் கரும்புக் கொல்லையில் கட்டு தூக்கியவர்களின் பிள்ளைகளில், எவன் தயவும் இல்லாமல் தன் இரண்டு கையை மட்டும் நம்பி மேலே வந்தவர் யார் என்று அந்தப் பக்கம் கேட்டால், வீரமணி பேரைச் சொல்லாமல் யாரும் வாயை மூடமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கரிக்கலாம்பாக்கத்தில் அந்தோணிசாமி ரொட்டிக் கம்பெனி ஓலைக் கொட்டகையாக இருந்தபோது டின் கழுவப் போனார். டின் கழுவினவர் மாவு பிசைந்தார். மாவு பிசைந்தவர் அடுப்படிக்கு வந்தார். அடுப்படிக்கு வந்தவர் மேஸ்திரி ஆனார். வில்லியனூருக்கு அந்தாண்டை மனை வாங்கி, மேலே தளம் போட்டு வீடு கட்டினார். பெண்ணை டிப்ளமா படிக்க வைத்தார். எல்லாம் அந்த அடுப்பின் வாயில் நின்று சம்பாதித்தது. சும்மா வந்ததில்லை.

அடுப்பென்றால் சின்ன அடுப்பில்லை. செங்கல் வைத்துக் கட்டிய பெரிய விறகடுப்பு. நீளக் காம்பு வைத்த பலகையில் ரொட்டி டின்களை அடுக்கி உள்ளே தள்ள வேண்டும், வெந்ததும் அதே பலகையால் இழுக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு மாவை அள்ளி அடுப்புக்குள் தூவி, அது சிவக்கிற வேகத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார் வீரமணி. அவருக்கு ஒரு சட்டமும் உண்டு: போட்ட கைதான் எடுக்க வேண்டும். ஒருவன் தள்ளிய ரொட்டியை இன்னொருவன் இழுத்தால் அடியில் எது வெந்தது, மூலையில் எது வேகவில்லை என்று அவனுக்குத் தெரியாது என்பார். அந்த அடுப்படியில் யாரும் அதை மீறியதில்லை.

மீறச் சொன்னவள் அவருடைய பெண்ணே.

செல்வகுமாரி தொழிற்சாலைப் பாதுகாப்பு படித்துவிட்டு அதே கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். வந்த கோடையிலேயே ஒரு கருவியை வாங்க வைத்தாள். மூன்று காலில் நிற்கும். ஒரு பக்கம் கருப்பு உருண்டை, அது அடுப்பிலிருந்து வீசும் அனலைக் குடிக்கும். ஒரு பக்கம் ஈரத்துணி சுற்றிய குழல், அது வேர்வை எவ்வளவு காயும் என்பதைச் சொல்லும். இன்னொன்று சாதாரணச் சூட்டுக்கு. கட்டடத்துக்குள் அளக்கும்போது பத்தில் ஏழு பங்கு ஈரத்துணிக்கு, மூன்று பங்கு உருண்டைக்கு என்று கூட்டி, ஒரே எண்ணாகக் காட்டிவிடும்.

“வெறும் சூட்ட அளந்தா பத்தாதுபா,” என்று அடுப்படி ஆட்களை நிற்க வைத்துச் சொன்னாள். “மாவு உப்ப வெக்கறப்ப கதவெல்லாம் சாத்தறீங்க இல்ல? உள்ள ஈரக்காத்து நிக்குது. வேர்வ வழியுது, ஆனா காயல. காஞ்சாதான் ஒடம்பு குளிரும்.”

“மேஸ்திரி, உம் பொண்ணு கண்ணேறு உருண்டைய நடு வூட்டுல வெச்சிடுச்சு,” என்றான் குழந்தைவேல். வீரமணிக்கு அடுத்த கை அவன்தான்.

“அது உன் மூஞ்சிக்குதாண்டா வெச்சிருக்குது,” என்றார் வீரமணி. எல்லோரும் சிரித்தார்கள். ஆயுத பூஜைக்கு மிஷின்களோடு சேர்த்து அந்த உருண்டைக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். செல்வகுமாரி வந்து ஈரத்துணியால் துடைத்தாள். “கருப்பா இருந்தாதான் அனல குடிக்கும். இப்பிடி பொட்டு வெச்சா கம்மியா காட்டும்டா சாமி!” மெக்கானிக் கடையிலிருந்து பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்துதான் அந்தத் துணியை நனைப்பாள். போர்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் பூத்துத் துணி கெட்டுவிடுமாம்.

முதல் நாள் அடுப்பு வாயில் நெஞ்சு உயரத்துக்குக் கருவியை நிறுத்தி, உருண்டை சூடேறி நிலைக்கும் வரை காத்திருந்து பார்த்தபோது முப்பத்து மூன்றைத் தாண்டியது. செல்வகுமாரி நேராக முதலாளியிடம் போனாள். அந்தோணிசாமி சிலுவை போட்டுக்கொண்டு, “அதுக்கு இன்னா பண்ணணும் சொல்லும்மா,” என்றார். அடுப்பு முகப்புக்குத் தகரத் தடுப்பு போட்டார்கள். புகைபோக்கிக்கு விசிறி வைத்தார்கள். எண் முப்பதை ஒட்டி இறங்கியது. பிறகு சுவரில் எழுதி ஒட்டினாள்: இருபத்தெட்டுக்குள் இருந்தால் வழக்கமான வேலை. அதற்கு மேல் ஒரு டிகிரி வரை ஏறினால் மணிக்கு முக்கால் பங்கு வேலை, கால் பங்கு ஓய்வு. இருபத்தொன்பதைத் தாண்டினால் பாதிக்குப் பாதி. முப்பதைத் தாண்டினால் கால் மணி வேலை, முக்கால் மணி ஓய்வு. முப்பத்தொன்றரையைத் தாண்டினால் அடுப்பை விட்டு எல்லோரும் வெளியே. இதெல்லாம் சூட்டுக்குப் பழகின உடம்புக்கு. புதிதாக வந்தவனுக்கும், நோயில் படுத்து எழுந்தவனுக்கும் கணக்கு வேறு, இன்னும் கீழே.

இங்கேதான் வீரமணிக்கு இடித்தது. ரொட்டி வேக அரை மணி ஆகும். கால் மணியில் ஆளை மாற்றினால் போட்ட கை எப்படி எடுக்கும்?

“ஜோடி ஜோடியா நில்லுங்கப்பா. ஒருத்தர் தள்றத இன்னொருத்தர் பாத்து வெச்சிக்கட்டும்,” என்றாள் பெண்.

“ரொட்டிய பாத்து வெச்சிக்கறது இன்னாடி, பொண்ணு பாக்கறதா? அது கைக்குத் தெரியணும்டி.”

சொன்னாரே தவிர, மற்றவர்களைத் தடுக்கவில்லை. ஓய்வுக்கு மணி அடித்தால் பசங்களை விரட்டி வெளியே அனுப்புவார். “போடா, மேடம் கூப்பிடுது” என்பார். அந்த மேடம் என்ற சொல்லில் அவருக்கு இருந்த பெருமையை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. ஆனால் தான் தள்ளிய ரொட்டியை மட்டும் தானே இழுத்துவிட்டுத்தான் வெளியே வருவார். செல்வகுமாரி திட்டுவாள், அவர் சிரிப்பார். உடம்பு பழகின உடம்பு, தாங்கியது.

போன சித்திரையில் வீரமணியைக் காய்ச்சல் போட்டது. மூட்டுக்கு மூட்டு வலி, எழுந்து உட்கார முடியவில்லை. வாரக்கணக்கில் படுத்துவிட்டு, கன்னம் ஒட்டிப்போய் வேலைக்குத் திரும்பினார். செல்வகுமாரி அவரை அடுப்படிக்கு விடவில்லை. பேக்கிங் ஹாலில் உட்கார வைத்தாள்.

“ஒடம்பு சூட்ட மறந்துட்டிருக்கும்பா. கொஞ்சம் கொஞ்சமாதான் பழக்கணும். மொத வாரம் அந்தாண்ட போகவே கூடாது.”

“ஏண்டி, முப்பது வருஷமா பழகினது மறந்துடுமா?”

“ஒடம்புக்கு முப்பது வருஷம்லாம் தெரியாதுபா. பத்து நாள் படுத்தா போதும், எல்லாத்தையும் வுட்டுடும்.”

அவர் கேட்டுக்கொண்டார். உண்மையாகவே கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அடுப்படி ஆள் ஒருத்தன் சாவுக்குப் போய்விட்டான். திருவிழா ஆர்டர் நிறைய. எண் முப்பதைத் தாண்டி நின்றது. நாலு பேர் மாறி மாறி நிற்க வேண்டிய இடத்தில் மூன்று பேர். குழந்தைவேல் கண் சிவந்து நிற்பதைக் கதவு வழியாகப் பார்த்த வீரமணிக்கு உட்காரப் பிடிக்கவில்லை. செல்வகுமாரி முதலாளி அறையில் இருந்த நேரம் பார்த்து உள்ளே போனார். பலகையை வாங்கினார்.

“அண்ணே, செல்வா பாத்தா என்னைத் தோல உரிச்சிடும்.”

“நீ போய் தண்ணி குடிடா. கேட்டா பாத்ரூம் போயிருக்காருன்னு சொல்லு. நான் தள்ளினத எடுத்துட்டு வந்துடறேன்.”

தள்ளினதை எடுத்தார். எடுத்ததும் அடுப்பு காலியாக இருந்ததைப் பொறுக்காமல் அடுத்ததைத் தள்ளினார். தள்ளிவிட்டதால் அதையும் எடுக்க வேண்டியிருந்தது. மணி அடித்தது. ஓய்வுக் கொட்டகையில் ஆட்களை எண்ணிய செல்வகுமாரி பேக்கிங் ஹாலில் அப்பா இல்லாததைப் பார்த்துக் கேட்டபோது, சொன்னபடியே குழந்தைவேல் சொன்னான். அவளும் நம்பினாள்.

வெகு நேரமாகியும் அவர் வராததால் அவள் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தபோது வீரமணி சுவரைப் பார்த்து நின்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “அம்மா, கட்டு கனமா கீது, எறக்கி வுடு,” என்றார் தன் பெண்ணைப் பார்த்து. தொட்டால் சுட்டது. அடுத்த நொடி சாய்ந்தார்.

அந்தப் பெண் அழவில்லை. கத்தினாள். நாலு பேரை வைத்துத் தொட்டியோரம் தூக்கிப் போட்டாள். சட்டையைக் கிழித்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கேக் அறையிலிருந்து ஐஸைக் கொட்டி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தாள். பெரிய விசிறியைத் திருப்பி வைத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை கை ஓயவில்லை. “இந்தப் பொண்ணு அங்கயே குளிர வெக்கலன்னா பொணத்ததான் கொண்டாந்திருப்பீங்க,” என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்.

உயிர் வந்தது. ஆனால் வந்த வீரமணி வேறு வீரமணி. மூளையின் பின்பக்கம், தடுமாறாமல் நடக்க வைக்கிற இடம், கெட்டுவிட்டது என்றார்கள். குடித்தவர் போல நடந்தார். அவரோ வாழ்நாளில் குடித்தவரில்லை. பேச்சு இழுத்தது. டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில். மனைவி தேவி ஊட்டிவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி அவர் உடம்பு சூட்டைத் தாங்காது என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். உட்கார்ந்து செய்யும் வேலை தரலாம், ஆனால் செல்வகுமாரியின் கருவி இருபத்தாறுக்கு மேல் காட்டும் இடத்தில் அவரை விடக்கூடாது.

மாதங்கள் போயின. ஆவணி பிறந்ததும் வீரமணி ஒரே பிடிவாதம்.

“கம்பெனிக்கு என்னை இட்னு போ.”

“எதுக்குபா? சும்மா இருங்க.”

“சும்மா இருக்கறதுக்கா பொறந்தேன்? அடுப்பு வேணாம்டி. எங்கனா ஒரு மூலைல ஒக்காந்து மூட்ட எண்றேன். அந்தக் கதவுக்குள்ள இருந்தா போதும்.”

அந்தோணிசாமி கும்பிட்டார். “வீரமணி, இந்தக் கம்பெனி உன் கையால எழும்பினது. எந்த எடம் வேணும்னாலும் எடுத்துக்க. ஆனா உம் பொண்ணு மீட்டர் ஒத்துக்கணும். ஒரு தரம் போச்சு, இன்னொரு தரம் என்னால தாங்க முடியாதுபா.”

அப்படித்தான் அப்பாவும் பெண்ணும் அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி முழுக்க இடம் தேடினார்கள். அவள் ஒரு கையில் கருவி, ஒரு கையில் அப்பா. ஒவ்வொரு இடத்திலும் மூன்று காலை விரித்து நிறுத்தி, துணியை நனைத்து, உருண்டை நிலைக்கும் வரை உட்கார்ந்து இருப்பார்கள். மாவு பிசையும் அறை முப்பது. பேக்கிங் ஹால் இருபத்தொன்பது. வாசல் காவலர் அறைக்கு மேலே தகரம், அதைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஓய்வுக் கொட்டகையில் வேப்பமர நிழலும் விசிறியும் இருந்தும் இருபத்தெட்டரைக்குக் கீழே இறங்கவில்லை.

“இன்னாடி இது, வெளிய மரத்தடிலயும் இப்பிடி காட்டுது?”

“கடலோரம்பா. காத்துலயே ஈரம். வெயிலு போனாலும் அது போவாது.”

குளிர்ந்த இடம் ஒன்று இருந்தது. கேக்குக்குக் க்ரீம் வைக்கும் ஏசி அறை. எண் இருபத்திரண்டு. அங்கே உஷாராணியும் இன்னும் நாலு பெண்களும் வேலை செய்தார்கள்.

“வாங்கண்ணே, வாங்க. எங்க ராஜ்ஜியத்துல ஆம்பளையே இல்லன்னு கவலப்பட்டோம்,” என்று உஷாராணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “பொட்டி மூடறதுதான் வேல. கேக்க உள்ள வெச்சி மூடிட்டா ஆச்சு.”

வீரமணி ஒரு கேக்கை எடுத்தார். எரியும் அடுப்பிலிருந்து நூறு டின்னை ஒன்றோடொன்று உரசாமல் இழுத்த கைகள் அவை. கேக் பெட்டி விளிம்பில் மோதிப் பிளந்தது. விரல் நாலும் க்ரீமில் புதைந்தன. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. “முதல் நாள் எனக்கும் இப்பிடிதான்ணே,” என்று உஷாராணி ஈரத்துணி நீட்டினாள். அவர் இன்னொன்றை எடுத்தார். இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். அதில் யாரோ ஒரு குழந்தையின் பேர் எழுதியிருந்தது. அந்தப் பேர் அவர் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டது.

“வேணாம்மா,” என்றார். “சாப்புடற பொருளு.”

வெளியே வந்தபோது ஓய்வு முறையில் குழந்தைவேல் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தான். வீரமணியைப் பார்த்ததும் நின்று, தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அன்றைக்குப் பொய் சொன்னதிலிருந்து அவன் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

“டேய்,” என்றார் வீரமணி இழுத்து இழுத்து. “நான்தாண்டா சொல்லச் சொன்னேன். நீ இன்னா பண்ணுவ?” பிறகு, “அடுப்புல ரொட்டி கீதா?” என்றார்.

“கீதுண்ணே. ஜோடி ஆளு எடுத்துப்பான்.”

“நல்லா எடுக்கறானா?”

“நல்லா எடுக்கறாண்ணே.”

வீரமணி தலையை ஆட்டினார். அந்த ஒரு பதில் அவரை எங்கே குத்தியதென்று அவர் பெண்ணுக்குத்தான் தெரியும். அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கடைசியாக மாவு கிடங்கு. கம்பெனியிலேயே பழைய கட்டடம். தடித்த சுவர், வெயில் படாத பக்கம். மூட்டை வந்தால் எண்ணி உள்ளே விட வேண்டியதுதான் வேலை. அதை வாயாலேயே செய்யலாம், கை வேண்டாம். இரண்டு பேருமே இந்த இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம், இதுவும் இல்லை என்றால் வேறில்லை என்பதுதான்.

செல்வகுமாரி கருவியை நிறுத்தினாள். பேட்டரித் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பேரும் மைதா மூட்டை மேல் உட்கார்ந்தார்கள்.

“இது சில்லுன்னுதான் கீது,” என்றார் வீரமணி.

“ஆமாம்பா.”

“நீ சின்னப் புள்ளையில, லீவு நாள்ல இங்கதான் உன்னைத் தூங்க வெப்பேன். மூட்ட மேல. எழுந்தா தலையெல்லாம் வெள்ளையா இருப்ப. உங்கம்மா கேப்பா, பொண்ணையும் ரொட்டியா சுட்டுடுவியான்னு.”

அவள் சிரித்தாள். எண்ணைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இருபத்தேழு என்று காட்டியது. “உருண்ட இன்னும் நிக்கலபா, மாறும்,” என்றாள். இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். எண் ஏறியது. மெதுவாக, ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று ஏறியது. கிடங்கில் காற்றோட்டம் இல்லை. சுவர் குளிர்ந்திருந்தாலும் ஈரம் உள்ளேயே நின்றது. அவள் எழுந்து கருவியைக் கதவோரம் வைத்தாள். மூலையில் வைத்தாள். மறுபடி காத்திருந்தார்கள். ஒரு விசிறியைக் கொண்டுவந்து ஓட விட்டாள். மாவுத் தூசி கிளம்பி வீரமணிக்கு இருமல் வந்தது. நிறுத்தினாள்.

எண் ஓர் இடத்தில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

செல்வகுமாரி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையை மறைத்தபடி ரொம்ப நேரம் நின்றாள். திரும்பினாள்.

“இருபத்தஞ்சரைபா,” என்றாள். “முதலாளிகிட்ட சொல்லிடறேன். திங்கக்கெழமலேந்து வந்துடுங்க.”

வீரமணி மூட்டையில் கையை ஊன்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தடுமாறி இரண்டு அடி வைத்து, அவள் தோளைப் பிடித்து ஒதுக்கினார். படிப்பு ஐந்தாவதுதான். ஆனால் எண் தெரியாதவரில்லை. திரையில் இருபத்தெட்டு புள்ளி மூன்று என்று இருந்தது.

கம்பெனி ஆட்கள் பதினைந்து பேர் கத்தியபோதும் ஒரு புள்ளி குறைத்துச் சொல்லாத பெண். திருவிழா ஆர்டரோடு முதலாளி எதிரே நின்றபோதும், “முப்பத்தொண்ணரைய தாண்டிடுச்சு, அடுப்ப வுட்டு வாங்க” என்று சொன்ன பெண். அவளை அப்படி வளர்த்தது யார்? அவர். அதுதான் அவர் கட்டிய வீட்டை விட, மேஸ்திரி பட்டத்தை விட, பெரிய சம்பாத்தியம். அது அவர் கண்ணெதிரே, அவருக்காக உடைந்தது.

“செல்வா,” என்றார். நாக்கு புரளவில்லை. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். “எனக்காகவாடி?”

“இன்னாபா பண்ணச் சொல்றீங்க?” அவள் குரல் கிழிந்தது. “வூட்டுல ஒக்காந்து செத்துக்கினு கீறீங்க. தெனமும் பாக்கறேன். அன்னிக்கு நான் மொதலாளி ரூமுக்குப் போவாம இருந்திருந்தா... பாத்ரூம்னு சொன்னத நம்பாம இருந்திருந்தா...”

“அடிப் போடி.” அவர் கையைத் தூக்கினார். அது நடுங்கிக்கொண்டே போய் அவள் தலையில் படாமல் காதில் பட்டது. “நீ போட்ட சட்டத்துக்கு நான்தான் அடங்கல. இன்னொருத்தனுக்கு நாளைக்கு இப்பிடி கொறச்சிச் சொல்ல மாட்டன்னு இன்னா நிச்சயம்? எனக்கு ஒண்ணு, அவனுங்களுக்கு ஒண்ணா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உண்மைய எழுதிட்டு வா. நான் வாசல்ல நிக்கறேன்.”

சுவரைத் தொட்டுத் தொட்டு அவர் வெளியே நடந்தார். யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த நடையை அடுப்படி ஆட்கள் பார்த்தார்கள். ஒருத்தனும் கிட்டே வரத் துணியவில்லை. அந்தோணிசாமி மட்டும் வந்து கையைப் பிடித்தார்.

செல்வகுமாரி வண்டியை எடுத்தாள். அவரைப் பின்னால் உட்கார வைத்து, விழாமல் இருக்கத் தன் துப்பட்டாவால் அவரைத் தன்னோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிழல் இல்லாத இடம். பஸ், லாரி, கரும்பு டிராக்டர் என்று முன்னும் பின்னும் வண்டிகள். ரயில் இன்னும் வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, திரும்பாமலே பின்னால் நீட்டினாள். அவர் வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். பாதி அவள் முதுகில் போனது.

முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீரின் குளிர்ச்சி என்று முதலில் நினைத்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“கண்ணாடிய தூக்கி வுட்டுக்கம்மா,” என்றார் அவள் தோளில் முகத்தை வைத்து. “உள்ள புழுங்கும்.”

அவள் தூக்கவில்லை. ரயில் வந்தது. அது போய் முடிகிறவரை இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதார்கள்.